இரண்டாவது ரிவ்யூவில் எழுந்து நின்றவள்

செல்வலட்சுமி அந்த மின்னஞ்சலை ஒரு வாரமாக எழுதிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு நாளும் ஷிஃப்ட் முடிந்து வடக்குப்பட்டு அறைக்கு வந்ததும் லேப்டாப்பைத் திறந்து, முந்தின நாள் எழுதியதைப் படித்து, ஒரு சொல்லை மாற்றிவிட்டு மூடிவிடுவாள்.

"ஏட்டி, கல்யாணப் பத்திரிகைக்குக்கூட இவ்வளவு நாள் ப்ரூஃப் பாக்க மாட்டாங்க" என்றாள் மாரிசெல்வி, கட்டிலில் படுத்தபடி. "சார், எல்.ஓ.ஆர். வேணும், அனுப்புங்கன்னு ரெண்டு வரி போடு. அவருக்கென்ன, டெய்லி நூறு மெயில் வரும்."

"அதான் சொல்லுதேன். நூறுல ஒண்ணா இருக்கக் கூடாதுல்லா."

இருவரும் ஒரே கல்லூரி, ஒரே வகுப்பு. தெற்கே நாசரேத் பக்கத்திலிருந்து ஒருத்தி, ஏரலிலிருந்து ஒருத்தி. மெக்கானிக்கல் முடித்துவிட்டு ஒரகடத்தில் பிரேக் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் ஒன்றாகச் சேர்ந்து மூன்றாவது வருடம் நடந்தது. செல்வலட்சுமிக்கு அளவுகள் சரிபார்க்கும் குளிரூட்டப்பட்ட ஆய்வறையில் வேலை. மாரிசெல்விக்கு லைனில், இயந்திர இரைச்சலுக்கு நடுவே. காந்திமதி அக்கா வீட்டு மாடியில் ஓர் அறையை இருவரும் பகிர்ந்துகொண்டார்கள்.

தைவானில் ஒரு பல்கலைக்கழகத்தில் உதவித்தொகையோடு முதுகலை படிக்க செல்வலட்சுமி விண்ணப்பித்துக்கொண்டிருந்தாள். மதிப்பெண்கள் சுமார்தான். மாரிசெல்வி சொன்ன எல்.ஓ.ஆர்., அதாவது பரிந்துரைக் கடிதம், இரண்டு வேண்டும். ஒன்றைத் தொழிற்சாலை மேலாளர் தருவதாகச் சொல்லிவிட்டார். இன்னொன்று படித்த கல்லூரியிலிருந்து வர வேண்டும். விண்ணப்பத்தில் பேராசிரியரின் கல்லூரி மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தால், பல்கலைக்கழகமே அவருக்கு ஓர் இணைப்பை அனுப்பும். கடிதத்தை அவர் அதில் நேராக ஏற்றுவார். அவரிடம் கேட்டு, அவர் சரி என்ற பிறகுதான் முகவரியைக் கொடுப்பது என்று அவள் முடிவு செய்திருந்தாள்.

கேட்க வேண்டியவர் யார் என்பதில் அவளுக்குக் குழப்பமே இருக்கவில்லை. ஏசுவடியான் சார்.

இறுதியாண்டு ப்ராஜெக்டுக்கு அவர்தான் வழிகாட்டி. கடைசல் எந்திரத்தில் வெட்டிய உலோகப் பரப்பு எவ்வளவு வழவழப்பாக வருகிறது என்று அளந்து பார்ப்பது அவர்கள் வேலை. இரண்டாவது ரிவ்யூவில் வரைபடங்கள் அழகாக வந்திருந்தன. துறைத் தலைவர்கூடத் தலையாட்டினார். அப்போது செல்வலட்சுமி எழுந்து நின்றாள். கருவியில் ஓர் அமைப்பைத் தவறாக வைத்து அளந்துவிட்டோம், நேற்றுதான் பார்த்தேன், இந்த அளவுகள் எதையும் நம்ப முடியாது, முதலிலிருந்து எடுக்க வேண்டும் என்று சொன்னாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாரிசெல்வி அவள் துப்பட்டாவைக் கீழே இழுத்து, "உக்காருட்டி, உக்காரு" என்று முணுமுணுத்தாள். அவர்களுக்கு மதிப்பெண் குறைந்தது. விடுமுறையில் திரும்ப வந்து எல்லாவற்றையும் புதிதாக அளந்தார்கள். அன்று ஏசுவடியான் சார் எதுவும் சொல்லவில்லை. வெளியே போகும்போது அவளைப் பார்த்து ஒரு முறை தலையை அசைத்தார்.

அந்தத் தலையசைப்பை அவள் மூன்று வருடமாக வைத்திருந்தாள். லைனில் உற்பத்தி நிற்கிறது, அளவைக் கொஞ்சம் பார்த்துப் போடு என்று யாராவது வந்து நிற்கும்போதெல்லாம் அவளுக்கு அதுதான் நினைவுக்கு வந்தது.

மின்னஞ்சலை ஆங்கிலத்தில் எழுதினாள். சாருக்கு வணக்கம், நான் இன்ன ஆண்டு படித்த மாணவி, தாங்கள் வழிகாட்டிய இன்ன ப்ராஜெக்ட். எந்தப் படிப்பு, எந்தப் பல்கலைக்கழகம், கடைசி நாள் எது. என் வேலையை அருகிலிருந்து பார்த்தவர் என்பதால் தங்களைக் கேட்கிறேன். நேரமில்லை என்றாலோ, எழுதுவது பொருத்தமில்லை என்று தோன்றினாலோ தயங்காமல் சொல்லுங்கள், புரிந்துகொள்வேன். வசதிக்காக என் ரெஸ்யூமும், கடிதத்தில் குறிப்பிடக்கூடிய சில பாயிண்டுகளும் இணைத்துள்ளேன். தங்கள் விருப்பப்படி எடுத்துக்கொள்ளலாம், விடலாம்.

பாயிண்டுகளில் முதலாவது அந்த ரிவ்யூ. அதைச் சிறு பத்தியாக, பெருமையடிக்காமல், நடந்தது நடந்தபடி எழுதியிருந்தாள்.

மாரிசெல்வி அதைத் திரையில் எட்டிப் பார்த்துப் படித்தாள். வழக்கமாக ஏதாவது கிண்டலாகச் சொல்பவள் அன்று சொல்லவில்லை.

"நல்லாருக்குட்டி" என்றாள். பிறகு, "நானும் போடட்டா?"

"எதுக்கு?"

"அதே தைவான் காலேஜுக்குத்தான். ஆவணியில கல்யாணத்துக்குத் தேதி பாக்கப் போறேன்னு அம்மா நிக்கா. சீட்டு கெடச்சிருச்சுன்னு சொன்னா அப்பா யோசிப்பாரு. ரெண்டு பேரும் போயிரலாம். அங்கயும் ஒரே ரூமு. நீ சோறு வடி, நான் திங்கேன்."

"ஆசையப் பாரு."

"அந்த ஃபார்மட்ட எனக்கு அனுப்பு. நான் என் பாயிண்ட்ட போட்டுக்கிடுதேன்."

ரெக்கார்டு நோட்டிலிருந்து வேலைக்கான ரெஸ்யூம் வரை எல்லாவற்றுக்கும் அவர்களுக்குள் ஒரே ஃபார்மட்தான் போய்வந்தது. யார் முதலில் செய்கிறார்களோ அவர்களுடையதை மற்றவர் வாங்கிப் பெயரை மாற்றிக்கொள்வது கல்லூரியிலேயே பழக்கம். செல்வலட்சுமி இரண்டு கோப்புகளையும் வாட்ஸப்பில் அனுப்பினாள். அனுப்பியது அவளுக்கு நினைவில்கூட நிற்கவில்லை.

அவளுடைய மின்னஞ்சல் அடுத்த திங்கட்கிழமை காலையில் போனது. வாரக் கடைசியில் போனால் அடியில் போய்விடும் என்று காத்திருந்தாள்.

பதில் வரவில்லை. சார் அப்படிப்பட்டவர் அல்லவே என்று நினைத்தாள். அந்த வாரமே கல்லூரி மாணவர்கள் தொழிற்சாலையைப் பார்க்க வருகிறார்கள், ஏசுவடியான் சார்தான் கூட்டிவருகிறார் என்று தெரிந்ததும் சமாதானமானாள். நேரில் சொல்லலாம் என்று இருக்கிறார்.

அவர்கள் வந்த அன்று, கைபேசிகளை வாசலில் காவலாளியிடம் ஒப்படைத்துவிட்டு, கால் அளவுக்குச் சேராத பாதுகாப்பு ஷூக்களைப் போட்டுக்கொண்டு மாணவர்கள் தடுமாறி நடந்து வந்தார்கள். மனிதவளப் பிரிவின் கார்முகில்தான் முன்னால் நடந்தான். வாலாஜாபாத்துக்காரன். வாய் ஓயாது.

"மஞ்ச கோட்ட தாண்டாதீங்க கண்ணு. தாண்டுனா மிஷின் கேக்காது, உங்கம்மாதான் என்னைக் கேப்பாங்க" என்றான். ஆய்வறைக் கண்ணாடியைத் தட்டி, "இன்னாம்மா செல்வம், உங்க வாத்தியார் வந்துகினுகிறாரு, நீ உள்ள குந்திகினுகிற. வெளிய வா. அந்த மாரியம்மாவயும் இட்டாந்துட்டேன்" என்றான்.

மாரிசெல்வி அவன் பின்னால் நின்றிருந்தாள். காலையிலிருந்தே அவள் அதிகம் பேசவில்லை. தலைவலி என்றிருந்தாள்.

ஏசுவடியான் சாருக்கு முடி நரைத்துவிட்டது. சட்டைப் பையில் அதே இரண்டு பேனா. செல்வலட்சுமி கைகூப்பினாள். அவர் சிரித்தபடி தலையசைத்துவிட்டு, அவளைத் தாண்டி மாரிசெல்வியைப் பார்த்தார்.

"மாரிசெல்வி! வா, வா, இப்படி முன்னால வா."

மாணவர்களை வட்டமாக நிற்கச் சொன்னார்.

"இந்த அக்காவப் பாத்துக்கிடுங்க. உங்க சீனியர். மார்க்கு யாரு வேணா வாங்கலாம். இவங்க ரெண்டாவது ரிவ்யூவுல, கிராஃப் எல்லாம் சூப்பரா வந்து எச்.ஓ.டி.யே பாராட்டிட்டு இருக்கும்போது, எந்திரிச்சு நின்னு 'சார், எங்க ரீடிங் தப்பு'ன்னு சொன்னாங்க. எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு முதல்ல இருந்து எடுத்தாங்க. நீங்கள்லாம் என்ன செய்வீங்க? ரீடிங்கே எடுக்காம கிராஃப் போடுவீங்க."

மாணவர்கள் சிரித்தார்கள். ஒருத்தி கைதட்ட, மற்றவர்களும் தட்டினார்கள்.

"மெய்யாலுமா?" என்றான் கார்முகில். "எங்க லைன்ல 'அட்ஜஸ்ட் பண்ணு'ன்னு சொல்ல சொல்லோ மட்டும் சரிசரின்னு தலைய ஆட்டுமே இந்தப் பொண்ணு."

எல்லோரும் மறுபடி சிரித்தார்கள். மாரிசெல்வி தரையிலிருந்த மஞ்சள் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செல்வலட்சுமிக்கு முதலில் இது சாருக்கு நேர்ந்த சிறு தடுமாற்றம் என்றே தோன்றியது. ஒரே குழுவில் இரண்டு பெண்கள், பெயர் மாறிவிட்டது. மாரிசெல்வி இப்போது சொல்லிவிடுவாள், சார் நாக்கைக் கடித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்து நின்றாள். மாரிசெல்வி நிமிரவில்லை. அப்போதுதான் வாட்ஸப்பில் அனுப்பிய கோப்பு அவளுக்கு நினைவு வந்தது.

தேநீர் இடைவேளையில் கேன்டீன் மூலையில் சார் தனியாக உட்கார்ந்திருந்தார். அவள் போய் நின்றாள்.

"உக்காரும்மா. உன் மெயில் பாத்தேன். நேர்ல சொல்லலாம்னுதான் பதில் போடல." அவர் குரலைத் தாழ்த்தினார். "நீ அனுப்புன பாயிண்ட்ஸும் மாரிசெல்வி அனுப்புனதும் ஒண்ணாவே இருக்கு. பேர மட்டும் மாத்தியிருக்க. அது உன் தப்புன்னு சொல்லல, எல்லாப் புள்ளைங்களும் பண்றதுதான். ஆனா அவளோட லெட்டர நான் போன வாரமே ஏத்திட்டேன். ஒரே யுனிவர்சிட்டி, ஒரே டிபார்ட்மெண்ட். ரெண்டு லெட்டர்ல ஒரே சம்பவம் இருந்தா ரெண்டையும் நம்ப மாட்டாங்க. நீ வேற பாயிண்ட் அனுப்பு. கண்டிப்பா எழுதித் தாரேன்."

"சார்" என்றாள். "அது நான் சார்."

"எது?"

"எந்திரிச்சு நின்னது."

அவர் அவளைப் பார்த்தார். கோபமில்லை. மருத்துவமனையில் நோயாளியின் உறவினரைப் பார்ப்பதுபோல ஒரு பொறுமை இருந்தது.

"நான் அங்கதானம்மா இருந்தேன். மாரிசெல்வி எந்திரிச்சதும், பக்கத்துல இருந்த புள்ள துப்பட்டாவப் பிடிச்சு இழுத்ததும் இன்னும் என் கண்ணுல நிக்குது." சொல்லிவிட்டு, அந்தப் பக்கத்துப் பெண் யார் என்பது இப்போதுதான் புரிந்ததுபோலச் சற்று நிறுத்தினார். "விடு. அந்த வயசுல பயம் இருக்கத்தான் செய்யும்."

துப்பட்டாவைப் பற்றிப் பாயிண்டுகளில் எதுவும் இல்லை. அது அவர் கண்ணால் பார்த்தது. பார்த்திருக்கிறார், எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். முகங்கள் மட்டும் காலியாக இருந்திருக்கின்றன. முதலில் வந்த மின்னஞ்சலில் இருந்த பெயர் அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டது.

மாரிசெல்வி தேநீர் டம்ளரோடு மேசைக்கு வந்தாள். சார்தான் கூப்பிட்டிருந்தார்.

"இந்தா, இவளே வந்துட்டா. ஏம்மா, அன்னைக்கு எந்திரிச்சது யாரு?"

கேன்டீனில் யாரோ தட்டைக் கீழே போட்டார்கள். மாரிசெல்வி செல்வலட்சுமியைப் பார்க்காமல், சாரைப் பார்த்துச் சொன்னாள்:

"ரெண்டு பேரும் சேர்ந்துதான் சார் பண்ணோம்."

ஏசுவடியான் சாரின் முகம் மலர்ந்தது. "பாத்தியா? இப்பக்கூட உன்னை விட்டுக்குடுக்க மாட்டேங்கா" என்றார் செல்வலட்சுமியிடம். எழுந்து, இருவர் தோளிலும் லேசாகத் தட்டிவிட்டு மாணவர்களிடம் போனார்.

அன்று மாலை கம்பெனி பஸ்ஸில் இருவரும் வேறு வேறு இருக்கையில் உட்கார்ந்தார்கள். வீட்டுக்கு வந்து ஒருத்தி பின்னால் ஒருத்தியாக அறைக்கு ஏறிப்போனார்கள். கீழே காந்திமதி அக்கா, "இன்னாடி ரெண்டு பேரும் ஊமையாட்டம் கீறீங்க, வூட்டுல யாருக்கும் ஒண்ணும் இல்லியே?" என்று கேட்டுவிட்டு, பதில் வராததால் மோட்டாரைப் போடப் போனாள்.

"மாத்தத்தான் நெனச்சேன்" என்றாள் மாரிசெல்வி. "சத்தியமா. என் பாயிண்ட்ட எழுதணும்னு உக்காந்தேன். எழுத ஒண்ணும் இல்லட்டி. காலேஜுக்கு வந்தேன், போனேன், பாஸானேன். வேற என்ன எழுத? நீ எழுதுனத வாசிச்சுப் பாத்தேன். வாசிக்க வாசிக்க நானே எந்திரிச்சு நின்ன மாதிரி இருந்துச்சு. பஸ்ஸு வந்துட்டு. அப்படியே அனுப்பிட்டேன். நீ முன்னாலயே அனுப்பிருப்பன்னு நெனச்சேன். சார் பாத்துட்டு என்னை ஏசுவாரு, அப்பறம் மாத்திக் குடுக்கலாம்னு இருந்தேன். அவரு ஏசல. சூப்பர்மா, நல்லா ஞாபகம் இருக்குன்னு பதில் போட்டாரு."

"இன்னைக்குச் சொல்லிருக்கலாம்லா."

"அத்தன பேரு கைதட்டுனதுக்குப் பெறவா?"

செல்வலட்சுமி அடையாள அட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.

"இப்ப மெயில் போட்டுச் சொல்லிருதேன்" என்று மாரிசெல்வி கைபேசியை எடுத்தாள். சார் என்று தொடங்கி ஏதோ தட்டினாள். நிறுத்தினாள். "சொன்னா அவரு யுனிவர்சிட்டிக்கு எழுதி லெட்டர வாபஸ் வாங்குவாரு. என் பேரு போகும். ஒனக்கும் எழுத யோசிப்பாரு, இதுக ரெண்டும் இப்படின்னு. ரெண்டு பேருக்கும் இல்லாமப் போயிரும்." நிமிர்ந்து பார்த்தாள். "நீ சொல்லு. நீ சொன்னா அனுப்பிருதேன்."

கட்டைவிரல் திரைக்கு மேலே நின்றது. அவள் சொன்ன கணக்கில் தப்பில்லை என்பது செல்வலட்சுமிக்குத் தெரிந்தது. அந்த முடிவையும் தன் தலையிலேயே வைக்கிறாள் என்பதும் தெரிந்தது.

"சோறு வச்சியா?" என்று கேட்டாள்.

மாரிசெல்வி அழத் தொடங்கினாள். செல்வலட்சுமி எழுந்து போய் அரிசியைக் களைந்தாள்.

புதிய பாயிண்டுகள் எழுத அவளுக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. வகுப்புகளுக்குத் தவறாமல் வந்தவர். ரெக்கார்டுகளைச் சுத்தமாக எழுதுபவர். பணிவானவர். குழுவில் இணைந்து வேலை செய்பவர். கல்லூரியில் யாரைப் பற்றி வேண்டுமானாலும் இப்படி எழுதலாம். தாங்கள் நேரில் விளக்கியதற்கு மிக்க நன்றி, தாங்கள் கேட்டபடி திருத்திய குறிப்புகளை இணைத்துள்ளேன் என்று எழுதி அனுப்பினாள். இந்த முறை எந்தச் சொல்லையும் மாற்றவில்லை.

சார் சொன்ன சொல் தவறவில்லை. கடைசி நாளுக்கு முந்தின நாள் மதியம் பதில் வந்தது. கடிதத்தின் வரைவை இணைத்து, 'பார்த்து ஓகே சொல்லும்மா, ஏற்றிவிடுகிறேன்' என்று எழுதியிருந்தார். செல்வலட்சுமி சாப்பாட்டு இடைவேளையில், கேன்டீனுக்கு வெளியே புங்க மரத்தடியில் நின்று படித்தாள்.

அவள் கொடுத்த குறிப்புகளை அக்கறையோடு விரித்து எழுதியிருந்தார். கடிதம் வெறுமையாக இருக்கிறதே என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். கடைசிப் பத்தியில் தாமாகவே ஒன்று சேர்த்திருந்தார். மாரிசெல்வியின் பெயரைப் போடவில்லை. 'மிக உயர்ந்த நேர்மை கொண்ட ஒரு சக மாணவியுடன் ஒரே குழுவில் பணியாற்றி, தொடக்கத்திலிருந்த தயக்கத்தைக் கடந்து, தவறை ஒப்புக்கொள்வதன் மதிப்பை அவரிடமிருந்து கற்றுக்கொண்டவர் செல்வலட்சுமி. இந்த வளர்ச்சியை நான் நேரில் கண்டிருக்கிறேன்.'

கடிதத்தில் உயிருள்ள இடம் அது ஒன்றுதான் என்று அவளுக்குப் புரிந்தது. படிப்பவர் நின்று படிக்கிற இடம். உதவித்தொகை கிடைப்பதென்றால் அந்த வரியால்தான் கிடைக்கும். அவர் தம்மால் முடிந்த நல்லதைத்தான் செய்திருக்கிறார்.

உள்ளே இரண்டாவது ஷிஃப்டுக்கான பஸ்கள் வந்து நின்றன. ஆட்கள் இறங்கி அடையாள அட்டையைத் தேய்த்துவிட்டுப் போனார்கள். அவள் பதில் எழுதினாள்.

'மதிப்பிற்குரிய சார், கடிதத்திற்கு மனமார்ந்த நன்றி. கடைசிப் பத்தியை மட்டும் நீக்கிவிட முடியுமா? மற்றவை சரியாக உள்ளன.'

உடனே பதில் வந்தது. அவரும் அப்போது கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். 'ஏம்மா? அதுதானே லெட்டருக்கு வெயிட். ஏதும் தப்பா இருக்கா?'

ஆமாம் சார், தப்பாக இருக்கிறது என்று தட்டினாள். அதற்குப் பிறகு என்ன எழுதுவது என்று நின்றாள். கல்லூரியில் அன்று எழுந்து நின்றபோது அடுத்த வாக்கியம் தானாக வந்தது. பக்கத்திலிருந்தவள் இழுத்தும் வந்தது. இன்று யாரும் இழுக்கவில்லை.

தட்டியதை அழித்தாள்.

'தப்பு ஒன்றும் இல்லை சார். ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது என்று பல்கலைக்கழகத்தில் சொல்லியிருக்கிறார்கள். அதனால்தான்.'

அப்படி யாரும் சொல்லியிருக்கவில்லை. 'ஓ, சரிம்மா' என்று வந்தது. சற்று நேரத்தில், கடிதம் ஏற்றப்பட்டுவிட்டது என்று பல்கலைக்கழகத்தின் தானியங்கி அறிவிப்பும் வந்தது.

அவள் ஆய்வறைக்குத் திரும்பினாள். கண்ணாடிக்கு வெளியே மாரிசெல்வி ஒரு தட்டில் பாகங்களோடு நின்றிருந்தாள். லைனில் சந்தேகம் வந்த பாகங்கள். சரிபார்த்துச் சொல்ல வேண்டும். செல்வலட்சுமி கதவைத் திறந்து தட்டை வாங்கிக்கொண்டாள்.

"சார் லெட்டர் போட்டுட்டாரா?" என்று கேட்டாள் மாரிசெல்வி.

"போட்டுட்டாரு."

"நல்லா எழுதியிருக்காரா?"

செல்வலட்சுமி முதல் பாகத்தை எடுத்துத் துடைத்து மேடையில் வைத்தாள்.

"நல்லா எழுதியிருக்காரு" என்றாள். "கதவ மூடு. ஏசி வெளிய போகுது."